சனிக்கிழமைக் கணக்கு: சைட்டில் வேலை எவ்வளவு முடிந்தது என்று அளப்பது எப்படி?

வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் சாரம் ஏற்கெனவே தெரியும். அஸ்திவாரம் முடிந்து பேஸ்மென்ட் மட்டம் வந்ததும் ஒரு தவணை, லிண்டல் மட்டத்துக்கு வந்ததும் ஒரு தவணை, கூரை போட்டதும் ஒரு தவணை என்று வங்கி பணத்தைப் பிரித்துத்தான் தருகிறது. பார்வையிட வரும் பொறியாளர், "எவ்வளவு முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று யாரையும் கேட்பதில்லை. லிண்டல் போட்டாயிற்றா இல்லையா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

பெரிய சைட்டுகளிலோ நிலைமை பெரும்பாலும் வேறு. சனிக்கிழமை மாலை வாராந்திர அறிக்கை எழுதும் நேரத்தில் இன்ஜினியர் கேட்கிறார்: "மேஸ்திரி, ரெண்டாவது மாடி பில்லர் வேலை எவ்வளவு முடிஞ்சுது?" பதில் தயாராக இருக்கிறது: "முக்கால்வாசி முடிஞ்சுது சார்." அறிக்கையில் 75 ஏறுகிறது. அடுத்த வாரம் 90, அதற்கடுத்த வாரம் 95, பிறகு 97. கடைசி மூன்று சதவீதம் மட்டும் ஒரு மாதம் இழுக்கும். மேஸ்திரி பொய் சொல்லவில்லை. செய்த வேலை அவர் கண்ணுக்குத் தெரிகிறது. பாக்கி வேலை தெரிவதில்லை. பிரித்தல், ஒழுங்குசெய்தல், சோதித்தல் போன்றவை அவர் மனக்கணக்கில் 'சில்லறை வேலை'.

இந்த மனக்கணக்கை ஒதுக்கிவிட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த விதியால் சதவீதம் போடுவதுதான் வழி. 1967-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் பெரிய ஒப்பந்தங்களின் செலவையும் கால அட்டவணையையும் கண்காணிக்க 35 அளவுகோல்களை வெளியிட்டது. செலவழித்த பணத்தை வைத்து அல்லாமல் செய்து முடித்த வேலையை வைத்து முன்னேற்றத்தை மதிப்பிடும் முறை அதிலிருந்துதான் பரவியது. இன்று கட்டுமானத்தில் புழங்கும் விதிகளில் மூன்று முக்கியமானவை: முழுசா-இல்லையா விதி, பாதிக்குப் பாதி விதி, எடையிட்ட மைல்கல் விதி. எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதை ஒரே கட்டடத்தின் இரண்டு வேலைகளை வைத்துப் பார்க்கலாம்.

இருபது தூண்கள்

நான்கு மாடிக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது மாடியில் 20 தூண்கள். ஒரு தூணுக்குக் கம்பி கட்ட 2 ஆள்நாள், பெட்டி அடிக்க 2, கான்கிரீட் போட 1, பெட்டி பிரித்துத் தூக்குக்குண்டு பார்த்துச் சாக்கு சுற்ற 1 என்று மொத்தம் 6 ஆள்நாள் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆகவே இருபதுக்கும் 120 ஆள்நாள். ஒரு தூண் தொடங்கி முடிய மூன்று நான்கு நாளாகும். பெட்டியைப் பிரிக்க அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நிற்கும் பக்கப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்க ஐ.எஸ். 456 விதிநூல் இடம் தருகிறது.

முதல் சனிக்கிழமை நிலைமை இப்படி: 8 தூண்கள் முழுக்க முடிந்துவிட்டன. 4 தூண்களுக்கு அன்று காலைதான் கான்கிரீட் போட்டார்கள். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. 4 தூண்களுக்குக் கம்பி மட்டும் கட்டியிருக்கிறது. மீதி 4 தொடங்கவே இல்லை.

முழுசா-இல்லையா விதியில், முடிந்த தூணுக்கு நூறு, முடியாததற்குச் சைபர். முடிந்த 8 தூண்களுக்கு 48 ஆள்நாள் கணக்கில் வரும். அதாவது 40 சதவீதம். காலையில் கான்கிரீட் போட்ட நான்கும் கணக்கில் இல்லை என்பது மேஸ்திரிக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் திங்கட்கிழமை பெட்டி பிரிந்ததும் அவை முழுசாக வந்து சேரும்.

பாதிக்குப் பாதி விதியில், தொடங்கினால் ஐம்பது, முடிந்தால் மீதி ஐம்பது. முடிந்த எட்டுக்கு 48, தொடங்கிய எட்டுக்குத் தலா 3 வீதம் 24, ஆக 72 ஆள்நாள். இது 60 சதவீதம்.

உண்மை நிலை என்ன? படிப்படியாகக் கூட்டினால் முடிந்தவற்றுக்கு 48, கான்கிரீட் போட்ட நான்குக்குத் தலா 5 வீதம் 20, கம்பி கட்டிய நான்குக்குத் தலா 2 வீதம் 8. மொத்தம் 76 ஆள்நாள், ஏறத்தாழ 63 சதவீதம். பாதிக்குப் பாதி விதி உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டது. தொடங்கிய தூண்களில் சில பாதியைத் தாண்டியிருக்கும், சில பாதிக்குக் கீழே இருக்கும். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. ஒரே மாதிரி சின்ன வேலைகள் நிறைய இருக்கும்போதுதான் இது நடக்கும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விதி ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனியாகப் போட வேண்டியது. 'இரண்டாவது மாடித் தூண்கள்' என்று அட்டவணையில் ஒரே வரியாக எழுதி, அந்த வரிக்கு விதியைப் போட்டால் கதையே மாறிவிடும். பாதிக்குப் பாதி விதியில் முதல் தூணுக்கு முதல் கம்பியை நிறுத்திய அன்றே 50 சதவீதம் வந்துவிடும். முழுசா-இல்லையா விதியில் பத்தொன்பது தூண்கள் எழுந்து நின்றாலும் அறிக்கை சைபர் காட்டும். இரண்டும் பயனற்ற எண்கள்.

எந்த விதியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு: அந்தச் சின்ன வேலை எத்தனை அறிக்கைகளைக் கடக்கிறது? ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவில் தொடங்கி முடிந்துவிடும் என்றால் முழுசா-இல்லையா போதும். இடையில் ஒரு சனிக்கிழமை குறுக்கிடும் என்றால் பாதிக்குப் பாதி. அதற்கு மேல் நீளும் வேலைக்கு இரண்டுமே உதவாது.

எல்லாம் தொடங்கியிருக்கிறது, ஒன்றும் முடியவில்லை

பாதிக்குப் பாதி விதிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது தொடங்குவதற்குக் கூலி தருகிறது. மாத பில் நெருங்கும் நேரத்தில் இருபது தூண்களுக்கும் நாலு கம்பியை நிறுத்தி, இரண்டு வளையம் கட்டிவிட்டால் ஒன்றும் முடியாமலே 50 சதவீதம் கிடைத்துவிடும். இது எப்போதும் வேண்டுமென்றே செய்வதும் அல்ல. பெட்டி அடிக்கும் தச்சர்கள் வராத வாரத்தில், கம்பி கட்டுபவர்களைச் சும்மா உட்கார வைக்க வேண்டாமே என்று எல்லாத் தூண்களிலும் கைவைத்துவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை எழுதினால் போதும்: தொடங்கி முடியாமல் நிற்பவை எத்தனை? நம் கணக்கில் அது 8. சைட்டில் தூண் பெட்டி எட்டு செட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு பத்துத் தூண்கள் திறந்து கிடப்பது இயல்பு. பதினாறு திறந்து கிடந்தால் கம்பி வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்டி வேலை நின்றுவிட்டது என்று பொருள். சதவீதம் ஏறினாலும் வேலை அடைபட்டுக் கிடக்கிறது.

'தொடக்கம்' என்றால் என்ன என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஸ்டார்ட்டர் போட்டு மையம் குறித்ததைத் தொடக்கமாகக் கொள்ளலாமா? கூடாது. அதற்கு அரைமணி நேரம்தான் ஆகிறது. நெடுங்கம்பி முழுவதும் நிறுத்தி, வளையங்கள் பாதி உயரம்வரை கட்டியிருந்தால்தான் தொடக்கம் என்று எழுதிக்கொள்வது நல்லது. தொடக்கத்துக்கு ஐம்பது தருவது அதிகம் என்று தோன்றினால் இருபதும் எண்பதும் என்று பிரிக்கிறவர்களும் உண்டு. அப்போது தொடங்குவதில் லாபம் குறைந்து, முடிப்பதில் லாபம் கூடுகிறது.

ஒரு ஸ்லாப், ஆறு சனிக்கிழமைகள்

தூண்களுக்கு மேலே வரும் ஸ்லாப் வேறு வகை. அது இருபது துண்டுகள் அல்ல, ஒரே பெரிய வேலை. ஐந்தாறு வாரம் நீள்கிறது. இதற்குத்தான் எடையிட்ட மைல்கல் விதி. வேலையைச் சில வாசல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு எடை என்று தொடங்கும் முன்பே எழுதிவைக்கிறார்கள். வாசலைத் தாண்டினால் அதன் எடை முழுவதும் கிடைக்கும். வாசலுக்கு உள்ளே பாதி, முக்கால் என்ற பேச்சு கிடையாது.

எடையை எப்படி முடிவு செய்வது? பேரம் பேசி அல்ல. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை ஆள்நாள் திட்டமிட்டிருக்கிறதோ அந்த விகிதம்தான் எடை. இந்த ஸ்லாப்புக்கு மொத்தம் 160 ஆள்நாள் என்று கொண்டால்:

1. முட்டு நிறுத்தி, பீம் அடிப்பலகை முடித்தல்: 24 ஆள்நாள், 15 சதவீதம்
2. தகடு விரித்து, மட்டம் பார்த்து, சந்துகளை அடைத்தல்: 32 ஆள்நாள், 20 சதவீதம்
3. கம்பி கட்டி, இன்ஜினியர் சரிபார்த்துக் கையெழுத்திடுதல்: 48 ஆள்நாள், 30 சதவீதம்
4. மின்குழாயும் விசிறிப் பெட்டிகளும் பதித்தல்: 8 ஆள்நாள், 5 சதவீதம்
5. கான்கிரீட் போடுதல்: 24 ஆள்நாள், 15 சதவீதம்
6. தண்ணீர் கட்டி நனைத்து முடித்தல்: 8 ஆள்நாள், 5 சதவீதம்
7. சென்ட்ரிங் பிரித்து, தகடுகளைத் துடைத்து அடுக்குதல்: 16 ஆள்நாள், 10 சதவீதம்

சென்ட்ரிங் வேலையை ஏன் இரண்டாகப் பிரித்திருக்கிறது என்று கேட்கலாம். அது ஒரே வாசலாக இருந்தால் முதல் சனிக்கிழமை அறிக்கையில் சைபர்தான் வரும். ஒரு வாரம் முழுக்க ஆட்கள் வியர்வை சிந்தியிருக்க, தாளில் ஒன்றுமில்லை என்றால் விதியின்மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது. மெல்லப் பழைய 'முக்கால்வாசி'க்கே திரும்பிவிடுவார்கள். வேலை நடக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் திட்டப்படி ஒரு வாசலாவது வரும்படி பிரிப்பது நல்லது. அதே சமயம் ஒரு ஸ்லாப்புக்கு இருபது வாசல் வைத்தால் அதைச் சரிபார்ப்பதே இன்ஜினியருக்கு முழுநேர வேலையாகிவிடும்.

வேலை தொடங்குகிறது. முதல் சனிக்கிழமை முதல் வாசல் தாண்டி 15. இரண்டாவது சனிக்கிழமை தகடு விரித்து மட்டமும் பார்த்தாயிற்று, 35.

மூன்றாவது சனிக்கிழமைதான் சோதனை. கம்பி முழுக்கக் கட்டியாயிற்று, குழாயும் பதித்தாயிற்று, "கான்கிரீட் போடுறதுதான் சார் பாக்கி" என்கிறார் மேஸ்திரி. அவர் கணக்கில் 70. இன்ஜினியர் ஏறிப் பார்க்கிறார். இரண்டு இடங்களில் கவர் பிளாக் இல்லாமல் அடிக்கம்பி தகட்டைத் தொடுகிறது. பால்கனியில் மேலே இருக்க வேண்டிய கம்பியை ஆட்கள் மிதித்து மிதித்து, அது கீழே இறங்கிக் கிடக்கிறது. பால்கனி ஒருபக்கம் மட்டும் தாங்கி நீட்டிக்கொண்டிருப்பது. அதில் இழுவிசை மேல்பக்கம் வரும். மேல்கம்பி கீழே இறங்கினால் அந்தப் பால்கனியின் பலம் போய்விடும். கையெழுத்து கிடைக்கவில்லை. மூன்றாம் வாசலுக்கு எடை இல்லை, குழாய் வாசலுக்கு மட்டும் 5. அறிக்கையில் ஏறியது 40.

இந்த 40-க்கும் மேஸ்திரி சொன்ன 70-க்கும் உள்ள இடைவெளி சிலருக்கு அநியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த நிலையில் கான்கிரீட் வண்டியைக் கூப்பிட முடியாது என்பதே உண்மை. எண் அதைத்தான் சொல்கிறது. இந்த வாசலில் 'கம்பி கட்டி முடித்தல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அறிக்கை 70 காட்டியிருக்கும், பால்கனிக் கம்பி பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். வாசலின் பெயரிலேயே யார் பார்க்க வேண்டும், எந்தத் தாளில் கையெழுத்து விழ வேண்டும் என்பது இருக்க வேண்டும். 'ஏறத்தாழ', 'பெரும்பாலும்' போன்ற சொற்கள் அங்கே வரக் கூடாது.

திங்கட்கிழமை கவர் பிளாக் வைத்து, பால்கனிக் கம்பியை நாற்காலிக் கம்பிமேல் தூக்கி நிறுத்தினார்கள். கையெழுத்து விழுந்தது, 70. புதன்கிழமை கான்கிரீட், 85. நான்காவது சனிக்கிழமை அறிக்கையில் இருப்பது அந்த 85-தான்.

மஸ்டர் ரோல் சொல்லும் செய்தி

சதவீதம் மட்டும் தெரிந்தால் பாதிச் செய்திதான். நான்காவது சனிக்கிழமை 85 சதவீதம் என்றால் 160-இல் 136 ஆள்நாள் வேலையை ஈட்டியிருக்கிறார்கள். மஸ்டர் ரோலைக் கூட்டினால் 150 ஆள்நாள் செலவாகியிருக்கிறது. 136-ஐ 150-ஆல் வகுத்தால் 0.91. ஒவ்வொரு நூறு ஆள்நாள் கூலிக்கும் தொண்ணூற்றொரு ஆள்நாள் வேலைதான் கிடைத்திருக்கிறது. இதே விகிதத்தில் போனால் மொத்த ஸ்லாப்புக்கும் 160-க்குப் பதில் ஏறத்தாழ 176 ஆள்நாள் ஆகும். அடுத்த மாடிக்கு ஆள் கேட்கும்போது இந்த எண்ணைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வாசல் ஒன்றின் நடுவே வேலை நிற்கும் சனிக்கிழமையில் இந்த வகுத்தல் மோசமாகத் தெரியும். மூன்றாவது சனிக்கிழமை ஈட்டியது 64 ஆள்நாள், செலவானது 118, விகிதம் 0.54. இரண்டே நாளில் அது தொண்ணூறை ஒட்டி ஏறிவிட்டது. ஆகவே ஒரு வாரத்து எண்ணை வைத்து மேஸ்திரியைக் கண்டிப்பது தவறு. பெரிய வாசல் ஒன்று தாண்டிய வாரத்தின் எண்ணை மற்றொரு அத்தகைய வாரத்தின் எண்ணோடு ஒப்பிடுவதே நியாயம்.

கான்கிரீட்டுக்குப் பிறகு வரும் பதினைந்து

கான்கிரீட் போட்ட அன்று பூஜை செய்து இனிப்பும் கொடுத்தாயிற்று. ஸ்லாப் முடிந்ததென்றே எல்லோர் மனதிலும் பதிகிறது. ஆனால் பட்டியலில் இன்னும் 15 சதவீதம் இருக்கிறது, அதை வைத்ததற்குக் காரணமும் இருக்கிறது.

சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு ஐ.எஸ். 456 குறைந்தது 7 நாள் நனைக்கச் சொல்கிறது. சாம்பல் கலந்த கலப்பு சிமென்ட் என்றாலோ, வெயிலும் வறட்சியுமான காலம் என்றாலோ குறைந்தது 10 நாள். முட்டு பிரிப்பதற்கும் கணக்கு இருக்கிறது: ஸ்லாப்பின் இடைவெளி 4.5 மீட்டர்வரை என்றால் 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். பீம் இடைவெளி 6 மீட்டர்வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். நம் கட்டடத்தில் ஸ்லாப் இடைவெளி 4.5 மீட்டரைத் தாண்டுகிறது, பீம் 6 மீட்டருக்குள் இருக்கிறது. ஆக 14 நாள்.

புதன்கிழமை போட்ட கான்கிரீட்டுக்குப் பத்தாம் நாள் அடுத்த வாரச் சனிக்கிழமை. நனைத்தல் முடிந்து ஐந்தாவது அறிக்கையில் 90. பதினான்காம் நாள் ஆறாவது வாரப் புதன்கிழமை. அன்று பிரிக்கத் தொடங்கி, தகடு அடுக்கி, ஆறாவது சனிக்கிழமை 100.

அந்த இரண்டரை வாரமும் சென்ட்ரிங் தகடும் முட்டும் அந்த மாடியிலேயே சிக்கிக் கிடக்கின்றன. மேலே தூண் எழுப்பலாம்; ஆனால் சைட்டில் ஒரே செட் இருந்தால் அடுத்த ஸ்லாப்புக்கு சென்ட்ரிங் அடிக்க முடியாது. கான்கிரீட்டோடு 100 என்று எழுதிவிட்ட சைட்டில் இந்த நெருக்கடி தாளில் தெரியாது. தச்சர்கள் வந்து கை கட்டி நிற்கும்போதுதான் தெரியும்.

எடைகளை முன்பக்கம் சாய்ப்பதும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். சென்ட்ரிங்குக்கு 50, கம்பிக்கு 35, கான்கிரீட்டுக்கு 10, மற்றதெல்லாம் சேர்த்து 5 என்று ஒரு கான்ட்ராக்டர் கேட்டால், கான்கிரீட் வண்டி வருவதற்கு முன்பே 85 சதவீதம் அவர் பெயரில் ஏறிவிடும். அதன்பின் கோடு படுத்துக்கொள்ளும். வரைபடத்தில் செங்குத்தாக ஏறி எண்பதுகளில் நீண்டு படுக்கும் கோட்டைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது எடைப் பட்டியலைத்தான். கம்பி வந்து இறங்கியதற்கு எடை கேட்பதும் இதைப் போன்றதே. வாசலில் குவித்த கம்பிக்குப் பணம் கொடுப்பது ஒப்பந்தத்தின் விஷயம். அது வேலையின் முன்னேற்றம் ஆகாது.

கொடுத்த எடையைத் திரும்ப எடுக்கவும் விதி வேண்டும். கான்கிரீட் கியூப்பின் 28 நாள் சோதனை முடிவு, ஸ்லாப்புக்கு 100 போட்ட பிறகுதான் வரும். அதில் தேறாவிட்டால் கான்கிரீட் வாசலின் எடையைப் பிடித்துவைப்பது என்று முன்பே எழுதியிருந்தால் அன்று சண்டை வராது.

இந்த விதிகள் வேண்டாத இடங்கள்

பூச்சு வேலை, டைல்ஸ், பெயின்ட் போன்றவற்றுக்கு வாசலும் எடையும் தேவையில்லை. 4,000 சதுர அடியில் 2,600 பூசியிருந்தால் 65 சதவீதம். டேப்பைப் பிடித்து அளந்தால் போதும். காவலாளி, ஸ்டோர் கீப்பர் போன்றோரின் வேலையை நாள் கணக்கில் எழுதலாம். ஆனால் அதைக் கட்டடத்தின் சதவீதத்தோடு கலக்கக் கூடாது. கலந்தால், வேலை நின்றுபோன மாதத்திலும் சதவீதம் ஏறிக்கொண்டே இருக்கும்.

சதவீதம் காட்டாத ஒன்றும் உண்டு. இருபதில் பத்தொன்பது தூண்கள் முடிந்தால் 95. முடியாத அந்த ஒன்று படிக்கட்டை ஒட்டிய மூலைத் தூணாக இருந்தால், அந்தப் பக்கத்து பீம் நிற்காது, ஸ்லாப்பும் நகராது. அதனால் முடியாதவற்றின் எண்ணிக்கையோடு அவற்றின் அடையாள எண்ணையும் எழுதும் வழக்கம் பயன்படும்.

வீடு வாங்குகிறவருக்கும் இந்த எண்ணோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. அதிலிருந்து எடுக்கும் பணம், வேலை முடிந்த சதவீதத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்றுக்குப் பின்னால் இருப்பது யாரோ சொன்ன 'முக்கால்வாசி'யா, கையெழுத்திட்ட வாசல் பட்டியலா என்பதைப் பொறுத்து அந்தப் பணத்தின் பாதுகாப்பு மாறும்.

சைட்டில் இதைத் தொடங்க மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு தாளில் ஆறு கட்டங்கள் போதும்: வேலையின் பெயர், திட்டமிட்ட ஆள்நாள், எந்த விதி, இன்றைக்குத் தாண்டிய வாசல், யார் பார்த்தது, செலவான ஆள்நாள். முதல் மூன்று கட்டங்களை வேலை தொடங்கும் முன் இருதரப்பும் கையெழுத்திட்டு மூடிவிட வேண்டும். மீதி மூன்றைச் சனிக்கிழமை மாலை, மாடியில் நடந்து பார்த்தபடியே நிரப்பலாம்.